செய்ய வேண்டியவையும் செய்யக் கூடாதவையும் கலந்துபோன ஒரு வெள்ளக் கையேடு

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகத் தமிழ்நாட்டின் கடலோர மாவட்டம் ஒன்றில் பொதுமக்களுக்காக வெள்ளப் பாதுகாப்புக் கையேடு வெளியானது. 16 பக்கங்கள், வழவழப்பான தாள், நல்ல வண்ண அச்சு. அச்சகத்துக்குப் போன அதே கோப்பு பிடிஎஃப் வடிவில் இணையதளத்திலும் ஏறியது. பார்வையற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் அதை என்விடிஏ திரைவாசிப்பானுடன் திறந்தார். மூன்றாம் பக்கத்தில் அவர் காதில் விழுந்தது இது:

> செய்ய வேண்டியவை. செய்யக் கூடாதவை. வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தல். அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தொடுதல். ஆவணங்களை பிளாஸ்டிக் உறையில் வைத்தல். வெள்ளம் ஓடும் சாலையில் வண்டி ஓட்டுதல்.

பக்கத்தைப் பார்ப்பவருக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. இடப்பக்கம் பச்சைக் கட்டம், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் சரி என்ற குறி. வலப்பக்கம் சிவப்புக் கட்டம், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பெருக்கல் குறி. கேட்பவருக்கோ நிறமும் இல்லை, குறியும் இல்லை, பக்கமும் இல்லை. மெயின் சுவிட்சை அணைப்பதும் மின்கம்பியைத் தொடுவதும் அவருக்கு ஒரே பட்டியலின் அடுத்தடுத்த வரிகள். அவர் எழுதிய புகாரின் பேரில் அந்தக் கோப்பு சீரமைப்புக்காக என்னிடம் வந்தது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 42-ஆம் பிரிவு மின்னணு வடிவில் வரும் உள்ளடக்கம் எல்லோருக்கும் அணுகத்தக்கதாக இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி நெறிமுறைகள், இணைய அணுகல்தன்மைக்கான உலகத் தரமான டபிள்யூசிஏஜி 2.1-இன் ஏஏ நிலையை அளவுகோலாக வைக்கின்றன. பிடிஎஃப் கோப்புக்கென்றே பிடிஎஃப்/யுஏ என்ற ஐஎஸ்ஓ 14289 தரமும் இருக்கிறது. அலுவலகத்தில் இவற்றை யாரும் மறுக்கவில்லை. "அக்ரோபாட்டில் தானாக டேக் போடும் பொத்தான் இருக்கிறதாமே, அதை அழுத்திவிட்டால் போதாதா?" என்றுதான் கேட்டார்கள். போதாது. ஏன் போதாது என்பதுதான் இந்தக் கையேட்டின் கதை.

டேக்குக்கு அடியில் இருப்பது

பிடிஎஃப் என்பது அடிப்படையில் ஓவியம் வரையும் கட்டளைகளின் தொகுப்பு. இந்த எழுத்துருவத்தை இந்த இடத்தில் வை, இந்தக் கோட்டை இங்கே இழு என்பதுதான் அதற்குத் தெரியும். இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணை என்று சொல்லும் இன்னொரு அடுக்குதான் டேக் மரம். திரைவாசிப்பான் அந்த மரத்தின் கிளைகளில் ஏறி இறங்கிப் படிக்கிறது. ஆனால் இலைகளில் இருக்கும் எழுத்தே தவறாக இருந்தால் மரம் எவ்வளவு ஒழுங்காக இருந்தும் பயனில்லை. தமிழ்க் கோப்புகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஆங்கிலக் கையேடுகளை வைத்து எழுதிய வழிகாட்டிகள் இதைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை.

எழுத்து சரியா என்று பார்க்கக் கட்டணமில்லாத பாப்ளர் கருவிகளே போதும்:

```
pdffonts kaiyedu.pdf
pdftotext -f 9 -l 9 -enc UTF-8 kaiyedu.pdf -
```

ஒன்பதாம் பக்கம் நிவாரண முகாம்களின் அட்டவணை. இன்னொரு துறையின் பழைய கோப்பிலிருந்து அப்படியே ஒட்டியிருந்தார்கள். அது பாமினி வகை எழுத்துருவில் இருந்தது. அந்த எழுத்துருவில் திரையில் "தமிழ்" என்று தெரிவதற்குக் கோப்புக்குள் இருப்பது `jkpo;` என்ற ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பான் அதைத்தான் படிக்கும். தானியங்கிப் பரிசோதனைக் கருவி இதைக் குறையாகவே கருதாது. `j` என்பது செல்லுபடியாகும் யூனிகோட் எழுத்துதானே. `pdffonts` பட்டியலில் `uni` என்ற நெடுவரிசையில் `yes` என்று வருவதை வைத்தும் நிம்மதி அடைய முடியாது. பொருத்த அட்டவணை இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது, பொருத்தம் சரியா என்பதை அல்ல.

மற்ற பக்கங்கள் யூனிகோடில் இருந்தன. அங்கே குறை வேறு மாதிரி. "வெள்ளம்" என்று எழுதும்போது கண்ணுக்கு முதலில் தெரிவது ஒற்றைக் கொம்பு, பிறகு "வ". யூனிகோடில் வரிசை நேர்மாறு: முதலில் வ, பிறகு கொம்பு. பிடிஎஃப் உருவங்களைப் பார்வைக்குத் தெரியும் வரிசையில் வரைவதால், எழுத்தை மீட்டெடுக்கும்போது கொம்பு முன்னால் வந்து "ெவள்ளம்" என்று உடைந்துவிடுகிறது. "கொ" போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் இரண்டு துண்டாகப் பிரியும். பேச்சுக் கருவி அந்த இடங்களில் தடுக்கும், அல்லது கொம்பைத் தனியாகச் சொல்லும். கோப்புக்குள் தேடினாலும் சொல் கிடைக்காது. இந்த இரண்டாவது சோதனையைக் கண்ணுள்ள எவரும் செய்யலாம்: பிடிஎஃப்பைத் திறந்து "வெள்ளம்" என்று தட்டச்சு செய்து தேடுங்கள். அட்டையிலேயே இருக்கும் சொல் கிடைக்கவில்லை என்றால் கோப்பு செவிக்கும் எட்டாது.

இதற்கான தீர்வு பிடிஎஃப் தரத்திலேயே இருக்கிறது. உடையும் எழுத்துக் கூட்டத்தின்மேல் அதன் உண்மையான யூனிகோட் வடிவத்தைப் போர்த்தி வைக்கலாம்:

```
/Span << /ActualText <FEFF0BB50BC60BB30BCD0BB30BAE0BCD> >> BDC
  ... உருவங்களை வரையும் கட்டளைகள் ...
EMC
```

அந்தப் பதினாறடிமான எண்வரிசை "வெள்ளம்" என்ற சொல்தான். 0BB5 வ, 0BC6 கொம்பு, இப்படியே தொடரும். 16 பக்கத்துக்கும் இதைக் கையால் செய்வது நடக்கிற காரியமல்ல. நல்ல ஏற்றுமதி மென்பொருள் இதைத் தானே செய்ய வேண்டும்.

அதனால்தான் பிடிஎஃப்பை ஒட்டுப்போடுவதை விட்டுவிட்டு மூலத்துக்குத் திரும்பும்படி சொன்னேன். வடிவமைப்பாளரின் கோப்பிலிருந்த உரையை லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் மறுபடி அமைத்தோம். பாமினி பகுதியை யூனிகோடுக்கு மாற்றி, ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். முன்னுரை ஸ்கேன் செய்த கடிதப் படமாக இருந்தது. அதைத் தட்டச்சு செய்தோம். ரைட்டர் மேற்சொன்ன போர்வையைத் தானே போடுகிறது. பிடிஎஃப்/யுஏ வடிவில் ஏற்றுமதி செய்யும் தெரிவும் அதில் இருக்கிறது. தோற்றம் முந்தைய அளவு மினுமினுக்கவில்லை என்று வடிவமைப்பாளருக்கு வருத்தம்தான். ஆனால் அடுத்த ஆண்டு ஒரு தொலைபேசி எண் மாறினால் அலுவலக எழுத்தரே திருத்திக்கொள்ள முடியும் என்பதை நான் பெரிய லாபமாகப் பார்க்கிறேன்.

வரிசை

மூன்றாம் பக்கம் ஏன் அப்படிப் படிக்கப்பட்டது? வடிவமைப்பாளர் இரண்டு கட்டங்களையும் தனித்தனி உரைப்பெட்டிகளாக அமைக்கவில்லை. இடது வரி, வலது வரி, அடுத்த இடது வரி என்று ஒவ்வொரு வரியையும் தனிப் பெட்டியாக, மேலிருந்து கீழாக அடுக்கியிருந்தார். டேக் இல்லாத கோப்பில் படிக்கும் வரிசையை மென்பொருள் ஊகிக்கத்தான் முடியும். அது இங்கே குறுக்குவாக்கில் ஊகித்தது. ஒரு பிரதி எடுத்துத் தானியங்கி டேக் பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். அது அந்தப் பக்கத்தை இரண்டு நெடுவரிசை கொண்ட அட்டவணையாக எடுத்துக்கொண்டது. படிக்கும் வரிசை மாறவில்லை. ஒவ்வொரு வரியிலும் "வரிசை 2, நெடுவரிசை 1" என்ற அறிவிப்பு மட்டும் கூடியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அக்ரோபாட்டில் வரிசை என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கின்றன. `Order` பலகத்தில் தெரிவது பக்கத்தில் வரையப்படும் வரிசை. `Tags` பலகத்தில் தெரிவது மரத்தின் வரிசை. திரைவாசிப்பான் பின்பற்றுவது இரண்டாவதை. `Order` பலகத்தில் ஒன்றை இழுத்து இடம் மாற்றினால் பின்னணிப் படம் உரைக்கு மேலே ஏறி அதை மறைத்துவிடவும் கூடும். எனவே வரிசையைச் சோதிக்கும்போதும் திருத்தும்போதும் மரத்தைத்தான் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்க்க `pdfinfo -struct-text kaiyedu.pdf` என்ற கட்டளை மரத்தை உரையோடு சேர்த்து அச்சிட்டுக் காட்டும்.

புதிய கோப்பில் ஒவ்வொரு பகுதியும் தனக்கான இரண்டாம் நிலைத் தலைப்போடும், அதன் கீழ் உண்மையான பட்டியலோடும் அமைந்தது. மரத்தில் அது `H2`, அதன் பின் `L`, உள்ளே ஒவ்வொரு வரிக்கும் `LI` என்று வரும். என்விடிஏ பட்டியலுக்குள் நுழையும்போது அதில் எத்தனை உருப்படிகள் என்று சொல்லும். `H` விசையை அழுத்தினால் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம்.

ஆனால் மரத்தை நேராக்கியதோடு நான் நிற்கவில்லை. வாக்கியங்களையே மாற்றச் சொன்னேன். "மின்கம்பியைத் தொடுதல்" என்ற வரி தலைப்பையும் குறியையும் நம்பி வாழ்கிறது. யாராவது பட்டியலின் நடுவிலிருந்து கேட்கத் தொடங்கினால் மறுபடி அதே ஆபத்து. "அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தொடாதீர்கள்" என்று எழுதினால் எந்த இடத்தில் நுழைந்தாலும் பொருள் பிசகாது. வாசிப்பு வரிசைப் பிழை என்று வரும் புகார்களில் கணிசமானவை உண்மையில் இப்படித் தோற்றத்தை நம்பி எழுதப்பட்ட வாக்கியங்கள். தானியங்கிப் பரிசோதனைக் கருவி எதுவும் இதைக் கண்டுபிடிக்காது.

முகாம் அட்டவணையில் வட்டத்தின் பெயர் பல வரிகளை இணைத்த ஒரே கட்டத்தில் இருந்தது. இணைப்பைப் பிரித்து ஒவ்வொரு வரியிலும் பெயரைத் திரும்ப எழுதினோம். இணைந்த கட்டங்களுக்கும் முறையாக டேக் போட முடியும், ஆனால் அடுத்த ஆண்டு அதைத் திருத்துபவர் உடைத்துவிடுவார். மேல் வரியின் கட்டங்கள் `TH` ஆகவும், அவற்றின் `Scope` பண்பு `Column` ஆகவும் இருக்கின்றனவா என்று அக்ரோபாட்டில் சரிபார்த்தோம். அது இருந்தால் கண்ட்ரோல், ஆல்ட், அம்புக்குறி விசைகளோடு கட்டம் கட்டமாக நகரும்போது "கொள்ளளவு, 300" என்று தலைப்போடு சேர்ந்து கேட்கும். இல்லையென்றால் வெறும் "300".

படம் சொல்வதை எப்படிச் சொல்வது

கையேட்டில் மிகக் கடினமான பக்கம் மாவட்ட வரைபடம். தாழ்வான பகுதிகள் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் காட்டப்பட்டிருந்தன. பழைய பிடிஎஃப்பில் அது நூற்றுக்கணக்கான கோடுகளும் ஊர்ப் பெயர்களுமாகச் சிதறிக் கிடந்தது. பெயர்கள் உரையாக இருந்ததால் திரைவாசிப்பான் அவற்றை எந்தத் தொடர்பும் இல்லாமல் வரிசையாக ஒப்பித்தது. நிறம் பற்றிய பேச்சே இல்லை.

படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் மாற்று உரையாக அலுவலகம் முதலில் தந்தது "மாவட்ட வரைபடம்" என்பது. இது கருவியின் சோதனையில் தேறும், ஏனென்றால் மாற்று உரை இருக்கிறதா என்றுதான் கருவி பார்க்கும். அடுத்த முயற்சி நேர் எதிர்த் திசை: எல்லா ஊர்களையும் நிறவாரியாக மாற்று உரைக்குள்ளேயே திணித்தார்கள். மாற்று உரைக்குள் தலைப்பில்லை, பட்டியலில்லை, வேண்டிய இடத்துக்குத் தாவிப் போகவும் வசதியில்லை. தன் ஊர் எந்த நிறம் என்று அறிய விரும்புபவர் மொத்தத்தையும் ஒரே மூச்சில் கேட்டாக வேண்டும்.

கடைசியில் வைத்தது இது: "மாவட்டத்தின் வெள்ள அபாயப் பகுதிகளைக் காட்டும் வரைபடம். மிக அதிக அபாயப் பகுதிகள் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிக் கிழக்கில் அமைந்துள்ளன. ஊர்வாரியான விவரம் இதற்கு அடுத்த அட்டவணையில்." படத்தின் சாரம் ஒரு வாக்கியத்தில் வந்துவிடுகிறது, விவரம் எல்லோருக்கும் தெரியும் அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணையால் பார்வையுள்ளவர்களுக்கும் நன்மை. சின்ன எழுத்தில் ஊரைத் தேட வேண்டியதில்லை. வரைபடம் முழுவதையும் ஒரே படமாக்கி ஒரே `Figure` டேக்குக்குள் வைத்தோம். அப்போதுதான் உள்ளிருக்கும் பெயர்த் துண்டுகள் தனியாகக் கேட்காது.

பக்க ஓரங்களில் இருந்த அலை வடிவங்களுக்கு மாற்று உரை எழுதவில்லை. ரைட்டரில் படத்தை அலங்காரம் என்று குறித்தால் அது `Artifact` ஆக மரத்துக்கு வெளியே போய்விடும். 16 பக்கத்திலும் "நீல நிற அலைகள்" என்று கேட்பதை யாரும் விரும்பமாட்டார்கள்.

நிறம்

பார்வை முற்றிலும் இல்லாதவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் மங்கலாகப் பார்ப்பவர்களை மறந்துவிடுவோம். முதியவர்களில் பலர் அப்படித்தான். அவர்களுக்கு டேக் உதவாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு உதவும். டபிள்யூசிஏஜி அதை ஒரு விகிதமாகக் கணக்கிடுகிறது:

```
(L1 + 0.05) / (L2 + 0.05)
```

L1 ஒளி கூடிய நிறத்தின் ஒளிர்வு, L2 குறைந்ததன் ஒளிர்வு. வெள்ளைக்கு 1, கறுப்புக்கு 0. எனவே வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து 21:1. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும். 18 புள்ளிக்குக் குறையாத எழுத்துக்கும், 14 புள்ளிக்குக் குறையாத தடித்த எழுத்துக்கும் 3:1 போதும்.

கையேட்டின் "ஆரஞ்சு எச்சரிக்கை" பட்டையில் `#FF8C00` நிறத்தின்மேல் வெள்ளை எழுத்து இருந்தது. விகிதம் 2.33. பெரிய எழுத்துக்குக்கூடத் தேறாது. அதே பட்டையில் எழுத்தைக் கறுப்பாக்கினால் 9. வெள்ளையில்தான் பளிச்சென்று இருக்கிறது என்று வடிவமைப்பாளர் வாதாடினார். ஆரஞ்சில் வெள்ளை பளிச்சென்று தெரிவதாகத் தோன்றுவது நல்ல திரையில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான். பேருந்து நிறுத்தத்தில் வெயிலில் கைபேசியைப் பிடித்துக் காட்டியதும் வாதம் முடிந்தது. அடிக்குறிப்புகளின் `#999999` சாம்பல் வெள்ளைத் தாளில் 2.85, அதை `#595959` ஆக்கியதும் 7-ஐத் தொட்டது.

விகிதம் தேறினாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கை முறையே பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறங்களால் ஆனது. அந்த நிறங்களை நாம் மாற்ற முடியாது. வரைபடத்தில் மஞ்சளும் இந்த ஆரஞ்சும் அடுத்தடுத்து வரும்போது இடையிலுள்ள விகிதம் 2.2 அளவுதான், ஆரஞ்சுக்கும் தூய சிவப்புக்கும் 1.7. படத்தின் பொருளை உணர்த்தும் பகுதிகளுக்கு 3:1 தேவை. சிவப்பு–பச்சை நிறக்குருடு உள்ளவருக்கு இவை இன்னும் நெருங்கிவிடும். எனவே ஒவ்வொரு பகுதியையும் கருங்கோட்டால் சுற்றி வளைத்து, உள்ளே "மஞ்சள்", "ஆரஞ்சு", "சிவப்பு" என்று எழுத்திலேயே குறித்தோம். எச்சரிக்கைப் பக்கத்தில் நிறக் கட்டங்களோடு நின்றுவிடாமல் மழை அளவையும் எழுதினோம்: 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து கனமழை, 115.6-லிருந்து மிக கனமழை, 204.5-லிருந்து அதி கனமழை.

நிறத்திருத்தத்தை முடிந்த பிடிஎஃப்பில் செய்ய முயலாதீர்கள். அக்ரோபாட்டின் பரிசோதனை, நிற வேறுபாட்டை எப்போதும் "கையால் சரிபார்க்கவும்" என்று விட்டுவிடும். திருத்துவதும் அங்கே ஒவ்வொரு பொருளாகத்தான்.

தேறியது, பிறகு காணாமல் போனது

ஏற்றுமதி செய்த கோப்பைப் பிஏசி என்ற கட்டணமில்லாத பரிசோதனைக் கருவியில் ஓட்டியபோது பிடிஎஃப்/யுஏ சோதனையில் தேறியது. ஆனால் ஆசிரியர் திறந்தபோது தமிழ்க் குரல் வாயே திறக்கவில்லை. கோப்பின் மொழி `en-IN` என்று பதிவாகியிருந்தது. மொழி குறிக்கப்பட்டிருக்கிறது, ஆகவே கருவிக்குத் திருப்தி. என்விடிஏவோ அதை நம்பி ஆங்கிலக் குரலுக்கு மாறிக்கொண்டு, தமிழ் எழுத்துகளைத் தாண்டிப் போனது. ஆவணப் பண்புகளில் `ta-IN` என்று மாற்றியதும் பேசத் தொடங்கியது.

கோப்பை ஒப்படைத்த பிறகு ஆசிரியரிடமிருந்து மறுபடி அழைப்பு. "சார், பழைய கோப்பையே திரும்பப் போட்டுவிட்டார்களா? தலைப்பு ஒன்றுமே வரவில்லை." பதிவிறக்கிப் பார்த்தால் புதிய கோப்புதான், ஆனால் டேக் ஒன்றுகூட இல்லை. இணையதளத்தில் ஏற்றும் அளவு வரம்புக்குள் அடக்குவதற்காக அதைத் திறந்து, பிடிஎஃப்பாக "அச்சிட்டு" சிறிதாக்கியிருந்தார்கள். அச்சிடும் வழியில் உருவாகும் பிடிஎஃப்பில் ஓவியம் மட்டுமே மிஞ்சும்; மரம் முழுவதும் உதிர்ந்துவிடும். இணையத்தில் கிடைக்கும் பல சுருக்கும் கருவிகளும் இதே வேலையைச் செய்கின்றன. படங்களின் அளவை ரைட்டரிலேயே குறைத்து மறுபடி ஏற்றுமதி செய்தோம். இப்போது இணையதளப் பொறுப்பாளர் கோப்பை ஏற்றியதும் அங்கிருந்தே பதிவிறக்கி `pdfinfo` கட்டளையை ஓட்டுகிறார். `Tagged: yes` என்று வந்தால்தான் இணைப்பைத் திறந்துவிடுகிறார்.

கைபேசியில் நிலைமை இன்னும் திருப்தியாக இல்லை. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் டாக்பேக் என்ற திரைவாசிப்பானோடு பயன்படுத்தும் பிடிஎஃப் செயலிகள் பல டேக் மரத்தை அரைகுறையாகவே மதிக்கின்றன, அட்டவணைத் தலைப்புகள் அங்கே பெரும்பாலும் கேட்பதில்லை. கையேடு அதிகம் பரவுவதும் வாட்ஸ்அப்பில், கைபேசியில்தான். எனவே முகாம் அட்டவணையையும் 1070, 1077 என்ற உதவி எண்களையும் சாதாரண இணையப் பக்கமாகவும் வைத்து, அதன் இணைப்பைப் பிடிஎஃப்பின் முதல் பக்கத்திலேயே தலைப்புக்கு அடுத்த வரியாகக் கொடுத்திருக்கிறோம்.